மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும்

வணக்கம்.

வேலையற்றோர் தொழில் தொடங்குவதற்கான யுஒய்இஜிபி கடனுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துத் தருவது என் தொழில். 25 சதவீத மானியம் திட்ட மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுவதால், அறிக்கையில் எல்லோரும் இயந்திரத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நடைமுறை மூலதனப் பக்கத்தைப் புரட்டுவோர் குறைவு. கடன் வாராக்கடனாவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்.

ஒரு மரச்செக்கு ஆலையை எடுத்துக்கொள்வோம். தினம் 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு, மாதம் 25 நாள், கிலோ 120 ரூபாய் என்றால் பருப்புக்கு மட்டும் மாதம் 3 லட்சம். நூறு கிலோவுக்கு 40 கிலோ எண்ணெய், அதாவது சுமார் 43.6 லிட்டர், 55 கிலோ பிண்ணாக்கு என்று வைத்தால், எண்ணெய் லிட்டர் 300, பிண்ணாக்கு கிலோ 40 வீதம் சுமார் 3.82 லட்சம் வரும். பருப்புக் காசு போக மிச்சம் 82,000. கூலி 30,000, வாடகை 10,000, கரண்ட்டும் பாட்டிலும் 15,000 போனால் கையில் 27,000. ஆறு லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 13,000. தாராளமாகக் கட்டலாம்.

ஆனால் முதல் மாதமே செக்கு முழுத் திறனில் ஓடாது. 60 சதவீதம் ஓடினால் அந்த 82,000 என்பது 49,000 ஆகும். கூலியும் வாடகையும் குறையாது, அவை 40,000. கரண்ட்டும் பாட்டிலும் 9,000. தவணைக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது.

இதற்கு மேல், மண்டியில் பருப்புக்கு ரொக்கம் எண்ணி வைக்க வேண்டும். கடைக்காரரோ முப்பது நாள் கழித்துத்தான் பணம் தருவார். 60 சதவீத ஓட்டத்திலேயே அரை மாதப் பருப்பு இருப்புக்கு 90,000, வெளியில் நிற்கும் ஒரு மாதச் சரக்குக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் என்று மூன்று லட்சம் தாண்டிவிடும். நகலெடுத்த அறிக்கையில் நடைமுறை மூலதனம் என்ற இடத்தில் ஒரு லட்சம் இருக்கும். மீதிக்குக் கந்துவட்டிதான் கதி. போன வருடம் வேறொருவருக்குப் போட்ட அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி வந்ததை எளிதில் கண்டுபிடிக்கலாம்: முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 90 சதவீதம் என்றிருக்கும், கொட்டேஷன் தேதி பழையதாக இருக்கும், பருப்பு விலையைக் கேட்டால் விண்ணப்பதாரர் விழிப்பார்.

ஆகவே நேர்காணலில் படிப்பையும் சொந்தப் பங்கையும் கேட்பதோடு, "60 சதவீதம் ஓடினால் தவணைக்குப் பணம் எங்கே?" என்றும் கேளுங்கள். பதிலை அவர்களே தாளில் எழுதிக் காட்டட்டும். எழுதத் தெரியாதவரைத் தள்ளிவிடாமல், ஒரு வாரம் அவகாசம் தந்து மண்டி விலையோடு திரும்பி வரச் சொல்லுங்கள். இயந்திரத் தொகையைக் குறைத்து நடைமுறை மூலதனத்தைக் கூட்டிக் கேட்பவரின் விண்ணப்பத்தைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள். வங்கிக்கு அனுப்பும் பரிந்துரையில், அசல் கட்டத் தொடங்க ஆறு மாத விடுப்புக் காலம் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
திட்ட அறிக்கை தயாரிக்கும் ஒருவர்