நூலக இரவல் பதிவுகளைக் கொண்டு ஒரு சிறு ஆய்வு: கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நூலகத்தில் கோஹா மென்பொருளில் சேர்ந்துள்ள இரவல் பதிவுகளைக் கொண்டு புள்ளியியல் துறை ஒரு சிறு ஆய்வை மேற்கொள்ளத் தங்கள் அனுமதியைக் கோரி இம்மடலை எழுதுகிறேன். அலுவலகக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பதிவுகள் நம் மாணவர்களும் ஆசிரியர்களும் நூல் எடுத்ததைப் பற்றியவை. அவற்றை வைத்து என்ன செய்யப் போகிறோம், என்ன செய்ய மாட்டோம் என்பதை அவர்களும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

ஆய்வின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பாடநூல், எத்தனை நாள், ஒரு படிகூட அலமாரியில் இல்லாமல் இருந்தது?

ஆண்டுதோறும் நூல் கொள்முதலுக்கு முன் துறைகளுக்கு அனுப்பப்படும் அறிக்கையில், அதிக முறை இரவல் போன நூல்களின் வரிசை இருக்கிறது. அந்த வரிசை, கிடைத்த நூல்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஒரு மாணவி கவுன்டரில் வந்து ஒரு நூலைக் கேட்கிறார். "எல்லாப் படியும் வெளியே போயிருக்கும்மா, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்று பதில் வருகிறது. அவர் திரும்பிப் போகிறார். அந்தத் தேவை எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. முன்பதிவு வசதி மென்பொருளில் இருந்தாலும், தேர்வு நெருங்கும் நேரத்தில் வரிசையில் காத்திருக்க யாரும் பெயர் கொடுப்பதில்லை. ஆகவே படிகள் குறைவாக உள்ள நூலுக்கு இரவல் எண்ணிக்கை ஒரு எல்லைக்கு மேல் உயரவே முடியாது. உயராததால் அது வரிசையில் கீழே நிற்கிறது. கீழே நிற்பதால் கூடுதல் படிகள் வாங்கப்படுவதில்லை.

இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒரு பருவம் 105 நாள், ஒரு இரவல் சராசரியாக 14 நாள் என்று கொள்வோம். முதல் நூலுக்கு 12 படிகள். அது பருவத்தில் 60 முறை இரவல் போயிற்று. இரண்டாம் நூலுக்கு 3 படிகள் மட்டுமே. அது 21 முறை போயிற்று. வரிசையில் முதல் நூல்தான் முன்னே நிற்கும். ஆனால் ஒரு படி ஒரு நாள் நம் வசம் இருப்பதை ஒரு படிநாள் என்று எண்ணிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. முதல் நூலுக்கு 1,260 படிநாள்கள் உண்டு. அவற்றில் 840 செலவாகி, 420 மிஞ்சுகின்றன. இரண்டாம் நூலுக்கு உள்ளவை 315; செலவானவை 294; மிச்சம் 21 மட்டுமே. அலமாரியில் ஒரு படியாவது இருக்கும் ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒரு படிநாளையாவது மிச்சக் கணக்கில் சேர்க்கும் என்பதால், அந்த நூல் அதிகபட்சம் 21 நாள்தான் கையில் கிடைத்திருக்க முடியும். மீதி 84 நாள்களும், யார் கேட்டிருந்தாலும் இல்லை என்ற பதில்தான்.

இந்தச் சராசரிக் கணக்கு முதல் நூலைப் பற்றி முடிவாக எதையும் சொல்லாது. மிஞ்சிய 420 படிநாள்களும் பருவத்தின் தொடக்கத்திலேயே கழிந்து, தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் 12 படிகளும் வெளியே இருந்திருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை படிகள் வெளியே இருந்தன என்று எண்ணுவதே சரியான வழி. அதற்குத் தேவைப்படும் தரவு மிகக் குறைவு. எந்த நூலுக்கு எந்தெந்தப் படிகள், அவற்றின் பார்கோடு என்ன என்ற பட்டியலைத் தவிர, நூலகர் தம் கணினியில் ஓட்டவேண்டிய வினவல் இவ்வளவுதான்:

```sql
SELECT itemnumber, DATE(issuedate), DATE(returndate)
FROM old_issues WHERE returndate >= '2023-06-01'
UNION ALL
SELECT itemnumber, DATE(issuedate), NULL FROM issues;
```

திரும்பி வந்த இரவல்கள் முதல் அட்டவணையிலும், இன்னும் வெளியே உள்ளவை இரண்டாவதிலும் இருப்பதால் இரண்டையும் சேர்த்திருக்கிறோம். எடுத்தவரின் உறுப்பினர் எண் இரண்டு அட்டவணைகளிலும் உண்டு. அதை வேண்டுமென்றே கேட்கவில்லை. யார் எடுத்தார் என்பது நம் கேள்விக்குத் தேவையே இல்லை.

கணக்கு எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆபத்து, காணாமல் போயும் பதிவேட்டில் இருந்து நீக்கப்படாத படிகள். ஐந்து படிகள் உள்ளதாகப் பதிவாகியிருக்கும் ஒரு நூலில் இரண்டு தொலைந்துவிட்டால், கணினியின் கண்ணுக்கு அந்த இரண்டும் எப்போதும் அலமாரியில் இருக்கும். அந்த நூலுக்கு வெறுமையான நாள் என்பதே வராது. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மற்ற மூன்று படிகள் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்க, இரண்டு மட்டும் ஆண்டுக் கணக்கில் அசையாமல் இருந்தால், அந்த இரண்டு பார்கோடுகளையும் எடுத்துக்கொண்டு அலமாரிக்கே போய்த் தேட வேண்டும். மாணவர்கள் முதலில் செய்யப்போவது இந்த வேலையைத்தான். எண்ணிக்கை தொடங்குமுன் இது முடியாவிட்டால் பின்னால் வரும் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இருக்காது.

நூல் வங்கித் திட்டத்தில் பருவம் முழுவதற்கும் கொடுக்கப்படும் படிகளையும், வெளியே கொடுக்கப்படாத குறிப்புதவிப் படிகளையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுவோம். ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகள் தனித்தனி நூல்களாகப் பதிவாகியிருப்பதை, பாடம் நடத்தும் ஆசிரியரைக் கேட்டு ஒன்றுசேர்ப்போம். பழைய பதிப்பு புதியதற்கு ஈடாகுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

வெறுமையான நாள்களில் எத்தனை பேர் ஏமாந்து திரும்பினார்கள் என்பதைப் பதிவுகள் சொல்லமாட்டா. அதற்காக இரண்டு வாரங்களுக்குக் கவுன்டரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க விரும்புகிறோம். கேட்டும் கிடைக்காத நூலின் பெயரையும் தேதியையும் மட்டும் பணியாளர் அதில் குறிப்பார். கணக்கு வெறுமை என்று காட்டும் நூல்கள் நோட்டில் இடம்பெறாவிட்டால், அவற்றை யாரும் தேடவில்லை என்று கொண்டு பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். சில நூல்களுக்குப் புதுப் படிகள் வாங்குவதைவிட, இரவல் காலத்தை ஏழு நாளாகக் குறைப்பதே போதும் என்றும் தெரியவரலாம்.

தரவைப் பற்றி எங்கள் உறுதிமொழி: உறுப்பினர் எண் இல்லாவிட்டாலும், தேதியையும் பார்கோடையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க நூலகக் கணினியை அணுகக்கூடியவரால் முடியும். ஆகவே அந்தக் கோப்பு நூலகத்தை விட்டு வெளியேறாது. நாள்வாரி எண்ணிக்கை தயாரானதும் நூலகர் முன்னிலையில் அழிக்கப்படும். துறைகளை வரிசைப்படுத்தவோ, யார் படிக்கிறார், யார் படிக்கவில்லை என்று பார்க்கவோ இதைப் பயன்படுத்தமாட்டோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் புள்ளியியல் ஆய்வுக்குத் தரும் விலக்கும், தனிப்பட்ட ஒருவரைப் பற்றிய முடிவுக்குத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மாணவர் எடுக்கும் நூல் பிறர் கண்ணில் படுமென்றால், மனநலம் பற்றியோ மதம் பற்றியோ உள்ள நூலை அவர் தொடவே தயங்குவார்.

இதற்குப் பணம் தேவையில்லை. இறுதியாண்டு முதுகலை மாணவர் இருவர் ஆறு வாரங்கள், நூலகத்தின் ஒரு கணினி, நூலகரின் மேற்பார்வை ஆகியவை போதும். தங்களிடம் நான் கேட்பவை மூன்று. எழுத்து மூலமான அனுமதி வேண்டும். உறுதிமொழி காக்கப்படுகிறதா என்று பார்க்க, நூலகரும் ஒரு மாணவப் பிரதிநிதியும் உள்ள சிறு குழு வேண்டும். முடிவு எங்கள் துறைக் கோப்பில் முடங்காமல், வரும் கொள்முதல் கூட்டத்தில் துறைகளின் பட்டியலோடு சேர்த்துப் பரிசீலிக்கப்படும் என்ற ஒப்புதல் வேண்டும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் அறிக்கை ஜனவரி இறுதிக்குள் தங்கள் மேசைக்கு வர வேண்டும். அதற்கு நவம்பர் தேர்வுகள் முடிந்தவுடன் அலமாரியில் தேடும் வேலையைத் தொடங்கியாக வேண்டும். அதற்கு முன்பாகத் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதவிப் பேராசிரியர், புள்ளியியல் துறை