பராமரிப்புத் தொகை: ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் முன்

குடியிருப்பு உறுப்பினர்களுக்கு வணக்கம். போன மாதம் ஒருவர் UPI செயலி வழியாக 2,500 ரூபாய் அனுப்பினார். திரையில் மஞ்சள் நிறக் கடிகாரமும் Processing என்ற சொல்லும் இருந்தன. பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் அனுப்பிவிட்டார். மாலையில் இரண்டும் சங்கக் கணக்குக்கு வந்து சேர்ந்தன.

அதனால் தொகையைப் பார்ப்பதற்கு முன், அதன் அருகில் உள்ள சொல்லைப் பாருங்கள். பச்சை டிக்குடன் Successful அல்லது Completed என்றிருந்தால் பணம் சேர்ந்துவிட்டது. Failed என்றால் சேரவில்லை. Pending, Processing என்றால் வங்கிகளிடமிருந்து முடிவு இன்னும் வரவில்லை என்று பொருள். உங்கள் கணக்கில் பணம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்திருந்தாலும் அதே நிலைதான். அப்போது தயவுசெய்து மறுபடி அனுப்ப வேண்டாம்.

UTR என்ற 12 இலக்க எண் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறீர்கள். தோல்வியடைந்த பரிமாற்றத்துக்கும் அந்த எண் இருக்கும். தேடிப் பார்க்க அது உதவும், பணம் சேர்ந்ததற்குச் சான்று ஆகாது.

ஸ்கிரீன்ஷாட் அந்த நொடியின் நிலையை மட்டுமே காட்டும். சிறிது நேரம் கழித்து செயலியின் History பக்கத்தில் அதே பரிமாற்றத்தைத் திறந்து, நிலை மாறிய பிறகு புதிய படம் அனுப்புங்கள். பெறுபவர் பெயர், தேதி, UTR மூன்றும் தெரியட்டும். சங்கத்தின் வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே ரசீது போடுவேன்.

பணம் கழிந்தும் எங்களுக்கு வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். வராவிட்டால் செயலியிலேயே அந்தப் பரிமாற்றத்தின் கீழ் புகார் கொடுங்கள்.

– பொருளாளர்