தரவுத்தள நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: இரவு ஏற்றத்தை மாற்ற அனுமதி தாருங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமையும் விற்பனைத் தரவு காலை 9 மணிக்குள் ஏறி முடியவில்லை. இரவு 1 மணிக்கு வந்த 48 லட்சம் பதிவுகளை நம் நிரல் நொடிக்கு 150 வீதம் ஏற்றிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் அதற்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பதிவும் தனித்தனியே கமிட் ஆவதால், பாதியில் நின்ற கணக்கும் முழுக் கணக்கைப் போலவே திரையில் தெரிந்தது. அதை நம்பிக் கடை திறந்த ஒரு கிளை மேலாளர், விற்றுத் தீர்ந்த சரக்கு இன்னும் கையிருப்பில் இருப்பதாக எண்ணிக் கொள்முதலைத் தள்ளிவைத்தார். மறுநாள் எனக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தாமதத்துக்குக் காரணம் வன்பொருள் அன்று. ஒவ்வொரு கமிட்டுக்கும் போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டை வட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறது. அதற்கு முன்பே ஒவ்வொரு பதிவுக்காகவும் ஐந்து இன்டெக்ஸ்களைத் திருத்துகிறது. அதே கோப்பைச் சோதனைக் கணினியில் 5 லட்சம் பதிவுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, இன்டெக்ஸ் இல்லாத புதிய அட்டவணையில் இவ்வாறு ஏற்றினேன்:

```sql
CREATE TABLE sales_new (LIKE sales INCLUDING DEFAULTS);
\copy sales_new FROM 'part01.csv' CSV HEADER
```

பத்துத் துண்டுகளும் இரண்டு நிமிடத்தில் ஏறின. ஐந்து இன்டெக்ஸ்களையும் இறுதியில் ஒருசேரக் கட்ட மேலும் ஏழு நிமிடமே ஆனது. பிறகு `ANALYZE` ஓட்டி, `ATTACH PARTITION` மூலம் அந்நாளின் பகுதியாக இணைத்தால் முழு நாளும் ஒரே கணத்தில் தெரியும். அரைகுறைக் கணக்கு யார் கண்ணிலும் படாது.

ஒரு பழுதான பதிவு வந்தால் `COPY` கட்டளை முழுவதும் தோற்றுவிடும் என்று நீங்கள் முன்பு தயங்கியது நியாயமே. அதற்காகத்தான் துண்டுகளாகப் பிரிக்கிறேன்: தோற்றது எந்தத் துண்டோ, பிழைச் செய்தி காட்டும் வரியைத் திருத்தி அதை மட்டும் மீண்டும் ஏற்றினால் போதும். தோற்ற முயற்சியின் எச்சம் வட்டில் இடம் பிடிக்கும் என்பதும் உண்மை. ஏற்றம் முடிந்ததும் `VACUUM` ஓட்டினால் அந்த இடம் மறுபயன்பாட்டுக்குக் கிடைக்கும்.

`\copy` ஓட்ட எங்களிடம் இருக்கும் அனுமதியே போதும். புதிய அட்டவணை உருவாக்கவும் மூல அட்டவணையுடன் இணைக்கவும் மட்டுமே உங்கள் அனுமதி தேவைப்படுகிறது. இதை நான்கு மாதங்களில் மூன்று முறை எழுத்தில் கேட்டேன். மூன்று முறையும் "பரிசீலிக்கிறோம்" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வந்தது. ஒவ்வொரு இரவும் திரைமுன் அமர்ந்து எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் சக பணியாளர்களுக்கு அந்தச் சொல் எந்த வகையிலும் உதவவில்லை.

எங்களிடம் உரிமையை ஒப்படைக்க விருப்பமில்லை என்றால், இணைக்கும் அந்த ஒரு படியை உங்கள் குழுவே இரவுப் பணியில் சேர்த்துக்கொண்டாலும் எங்களுக்குச் சம்மதமே. மாத இறுதிக் கோப்பு இதைவிடப் பெரியதாக வரும். அதற்குள் இந்த அனுமதியை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பணி தரவுப் பிரிவில் ஒருவன்