கராம்பு எண்ணெய்ப் போத்தலின் மூடியை மாற்றுங்கள்: திருகோணமலை மருந்துக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாமசி, நாட்டுமருந்துக் கடை, பலசரக்குக் கடை முதலாளிமாருக்கும், அந்தக் கடைகளைப் பரிசோதிக்க வரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன மாதம் ஏழெட்டுக் கடைகளில் ஏறி இறங்கி இதையே சொன்னேன். சிலர் கதிரை போட்டு, பிளேன்ரீயும் தந்து கேட்டீர்கள். ஒருவர், "ஐயா, அது கராம்புதானே, கறிக்குப் போடுற சாமான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கான பதில்தான் இந்த மடல்.

என் பேரனுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். நிறை பத்துக் கிலோ. பல் முளைக்கிற நேரம், இரவெல்லாம் அழுகை. என் மனைவி காலையில் கடைக்குப் போய் கராம்பு எண்ணெய் கேட்டார். விரலளவு மண்ணிறப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார்கள். துணியில் இரண்டு சொட்டு விட்டு முரசில் தடவினார். பிள்ளை தூங்கியது, அவரும் பக்கத்தில் கண்ணயர்ந்தார். போத்தல் தலையணைக்கு அருகில் இருந்தது. சாதாரண திருகு மூடி. அது சரியாக இறுக்கப்படாமலும் இருந்திருக்கும். அந்தக் குற்றம் எங்களுடையது, மறைக்கவில்லை.

இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். வாயிலிருந்து வீணி வடிகிறது, உதடு சிவந்திருக்கிறது, அறை முழுக்கக் கராம்பு மணம். பக்கத்து வீட்டுப் பெண் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டு வந்தார், வாந்தி எடுக்க வைக்கலாம் என்று. நான் தடுத்தேன். இந்த எண்ணெய் உள்ளே போகும்போது தொண்டையைச் சுட்டது போதாதென்று திரும்பி வரும்போதும் சுடும். அரைமயக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள்ளும் போகலாம். வாயைத் துடைத்துவிட்டு, மருமகனின் மோட்டார் சைக்கிளில் வைத்தியசாலைக்குப் போனோம். போய்ச் சேர்வதற்குள் பேரனின் தலை என் கையில் துவண்டுவிட்டது.

அங்கே தாதி கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மில்லி குடிச்சவன்?" இரண்டாவது கேள்வி: "என்ன எண்ணெய், எவ்வளவு செறிவு?"

இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. மருமகன் திரும்ப வீட்டுக்கு ஓடிப் போத்தலை எடுத்து வந்தார். அதில் ஒட்டியிருந்த துண்டில் இருந்த வாசகம் இவ்வளவுதான்: "சுத்தமான கராம்பு எண்ணெய். பல்வலிக்கு." எத்தனை மில்லி என்று இல்லை. எதிலாவது கலந்ததா, கலக்காததா என்று இல்லை. விழுங்கக்கூடாது என்று இல்லை. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்று இல்லை. மூலையில் கராம்புப் பூவின் படம் ஒன்று, மிக அழகாக.

அந்த மேசையிலேயே ஒரு சிறிஞ் வாங்கித் தண்ணீர் எடுத்து, போத்தலுக்குள் மெதுவாக விட்டேன். கராம்பு எண்ணெய் தண்ணீரைவிடப் பாரமானது. தேங்காயெண்ணெய் போல மிதக்காது, அடியில் கிடக்கும். மஞ்சள் எண்ணெய் கீழே, தண்ணீர் மேலே என்று கோடு கீறியது போலப் பிரிந்து நின்றது. காலையில் கழுத்துமட்டும் நிறைந்திருந்ததாக மனைவி சொன்னார். கழுத்துக்கு வர 3 மில்லி தண்ணீர் பிடித்தது. படுக்கை விரிப்பிலும் ஒரு கறை இருந்தது, ஆகவே பேரன் குடித்தது அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். நாற்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். என் பேரன் எவ்வளவு நஞ்சு குடித்தான் என்று ஒரு சிறிஞ்சை வைத்து அளக்க வேண்டி வந்தது, நீங்கள் ஒரு இலக்கத்தை அச்சடிக்காததால்.

சரி, "கறிக்குப் போடுற சாமான்" என்ற கதைக்கு வருகிறேன்.

காய்ந்த கராம்பு ஒன்று ஏறக்குறைய பத்தில் ஒரு கிராம் நிறை இருக்கும். அதில் ஆறில் ஒரு பங்களவு எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல் என்ற ஒரே பொருள், எண்பது, எண்பத்தைந்து வீதம் என்று வைத்துக்கொள்ளலாம். கராம்பின் மணமும் காரமும் மரப்புத்தன்மையும் அதனால்தான். கணக்குப் பார்த்தால் ஒரு கராம்பில் 13 மில்லிகிராம் அளவில் யூஜினோல் இருக்கும். புரியாணிச் சட்டியில் ஐந்தாறு போடுகிறோம், அதைப் பத்துப் பேர் சாப்பிடுகிறோம். எண்ணெயில் ஒரு பகுதி ஆவியோடு போகிறது, ஒரு பகுதி கராம்புக்குள்ளேயே இருக்கிறது, அந்தக் கராம்பையும் கோப்பை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். உள்ளே போவது சில மில்லிகிராம்.

இப்போது உங்கள் போத்தலைப் பாருங்கள். ஒரு மில்லியில் 850 மில்லிகிராமுக்குக் கிட்ட யூஜினோல். அதாவது ஏறக்குறைய 65 கராம்பு. பேரன் குடித்த 3 மில்லி, 200 கராம்புக்குக் கிட்ட. எந்தப் பிள்ளையாவது 200 கராம்பு சாப்பிடுமா? ஒன்றைக் கடித்தாலே துப்பிவிடும். காரமும் மரப்பும் சேர்ந்து கராம்புக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. எண்ணெயாக வடித்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. ஒரு மடக்கில் எல்லாம் இறங்கிவிடுகிறது.

யூஜினோலை உணவோடு ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் பாதகமில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு வைத்த அளவு, உடல் நிறையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 25. இது நஞ்சின் எல்லையல்ல, நிதானமாகத் தள்ளி வைத்த எல்லை. அதைச் சற்றுத் தாண்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவன் குடித்தது 2,500 மில்லிகிராம் அளவில். நூறு மடங்கு.

அவ்வளவும் ஈரலுக்குப் போனால் என்ன நடக்கும்? யூஜினோல் கொஞ்சமாக வந்தால் ஈரல் அதோடு சர்க்கரை வகைப் பொருளையோ சல்பேற்றையோ ஒட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். வெள்ளமாக வந்தால் அந்த வழி அடைபடும். மிச்சம் வேறு வழியில் போய், கையில் பட்டதையெல்லாம் தாக்குகிற ஒரு பொருளாக மாறும். அதை அடக்க ஈரலில் குளூட்டாதயோன் இருக்கிறது, ஆனால் கொஞ்ச அளவில்தான். அது தீர்ந்தால் ஈரலின் கலங்கள் சாகத் தொடங்கும். பரசிற்றமோல் அளவுமீறினால் நடப்பதும் ஏறக்குறைய இதேதான், அதனால்தான் வைத்தியர்கள் பரசிற்றமோல் நஞ்சுக்குக் கொடுக்கும் அசற்றைல்சிஸ்ரீன் மருந்தையே பேரனுக்கும் ஏற்றினார்கள்.

முதல் நாள் இரத்தத்தில் சீனி குறைந்தது. சேலைனோடு குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்று ஈரல் பரிசோதனையின் முடிவு சரியாகவே இருந்தது. நாங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம். வைத்தியர் விடவில்லை. அவர் சொன்னது சரி: ஈரலின் சேதம் உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துத்தான் இலக்கங்கள் ஏறும். இரண்டாம் நாள் ஏறின. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நான்காம் நாள் இறங்கத் தொடங்கியது. இப்போது பேரன் வீட்டில் ஓடித்திரிகிறான். அவன் குடித்தது 3 மில்லி. வெளிநாட்டு மருத்துவ ஏடுகளில் 10 மில்லி குடித்து ஈரல் முற்றாகச் செயலிழந்த கைக்குழந்தையின் கதை பதிவாகியிருக்கிறது. உங்கள் போத்தலின் மொத்தக் கொள்ளளவு, நான் அளந்த வரையில், 10 மில்லி.

ஆகவே முதலாளிமாரே, நான் கேட்பது சிறிய விஷயம். மூடியை மாற்றுங்கள். அமர்த்தித் திருப்பினால்தான் திறக்கும் மூடி, கழுத்தில் சொட்டுச் சொட்டாக மட்டும் விடும் அடைப்பு. சொட்டு அடைப்பு இருந்திருந்தால் அவனுக்கு 3 மில்லி போயிருக்காது. அதோடு போத்தலில் எழுதுங்கள்: எத்தனை மில்லி, கலக்காத எண்ணெய், விழுங்கக்கூடாது, பிள்ளைகளுக்குப் பாவிக்கக்கூடாது.

கடைசியில் சொன்னதை நீங்கள் வாயாலும் சொல்ல வேண்டும். "ரெண்டு சொட்டைத் தண்ணீரில விட்டுக் குடுங்கோ" என்று ஒரு கடையில் சொன்னதை என் காதால் கேட்டேன். நான் சிறிஞ்சால் செய்ததை நீங்களும் ஒரு கண்ணாடிக் கிளாசில் செய்து பாருங்கள். எண்ணெய் கலக்காது, மணியாக அடியில் போய் உட்காரும். கடைசி மிடறில் அந்த மணி முழுதாக வாயில் படும், பட்ட இடம் வெந்து வெள்ளையாகும். வளர்ந்தவர் பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டுச் சொத்தைப் பல்லில் வைப்பதால் ஈரல் போகாது, அதை நான் மறுக்கவில்லை. பல் வைத்தியரும் யூஜினோலைத்தான் நாக ஒட்சைட்டுத் தூளோடு குழைத்து அடைக்கிறார். அது பல்லின் குழிக்குள், அவர் கையால், அளவோடு.

"இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்ற அட்டையை ஒரு கடையில் இந்தப் போத்தல்களுக்கு மேலேயே கண்டேன். அலரிக் கொட்டையும் இயற்கையானதுதான் ஐயா. அதையும் போத்தலில் போட்டுப் பூப்படம் ஒட்டி விற்கலாமே!

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பாண் 450 கிராம் இருக்கிறதா என்று தராசோடு வருகிறீர்கள், நல்லது. எலிப்பாசாணப் பெட்டியில் மண்டையோடு இருக்கிறதா என்றும் பார்க்கிறீர்கள். இந்தப் போத்தலை மட்டும் ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மருந்தென்றால் பலசரக்குக் கடையில் ஏன் விற்கிறார்கள், வாசனைப்பொருள் என்றால் "பல்வலிக்கு" என்று ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்டால், அது தங்கள் பிரிவு இல்லை என்று இன்னொரு மேசையைக் காட்டுகிறார்கள். நான் மூன்று மேசை பார்த்துவிட்டேன். நாலாவது மேசையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். பணிவாகவே கேட்கிறேன்: அடுத்த முறை கடை பார்க்க வரும்போது இந்தப் போத்தலையும் கையில் எடுத்துப் பாருங்கள். முதலாளிமாரே, அடுத்த சரக்குக்குச் சொல்லும்போது, மூடியை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். விலை கூடுமென்றால் கூட்டுங்கள், வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள். அதுவரை இருக்கும் சரக்கைத் தட்டிலிருந்து எடுத்து உங்கள் மேசைக்குப் பின்னால் வையுங்கள். கேட்கிறவரிடம், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அந்தப் போத்தல் இன்னும் என்னிடம் இருக்கிறது, அடியில் எண்ணெயும் மேலே நான் விட்ட 3 மில்லித் தண்ணீருமாக. பார்க்க விரும்புகிறவர்கள் சொல்லியனுப்பினால் கடைக்கே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை