ரசீதில் இருந்த வேறொருவர் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் கடைப் பணம் கட்ட வங்கிக்குப் போனேன். 500 ரூபாய் நோட்டு 83, 200 ரூபாய் 25, 100 ரூபாய் 10, ஆக 47,500. செலானில் நோட்டு விவரமும் கூட்டுத்தொகையும் சரிதான். கவுன்ட்டரில் கொடுத்த ரசீதில் தொகைக்கு மேலே பார்த்தால் யாரோ ஒருவர் பெயர்! கணக்கு எண்ணில் 69 என்பதை 96 என்று எழுதியிருந்தேன், தவறு என்னுடையதுதான். அங்கேயே சொன்னதால் காசாளர் அதிகாரியின் ஒப்புதலுடன் திருத்தித் தந்தார். மறுநாள் போயிருந்தால், அந்தக் கணக்குக்காரர் பணத்தை எடுத்திருக்கவும் கூடும்.

நாம் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைக்கிறோம். அச்சான பெயர், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இரண்டையும் பாஸ்புக்கோடு ஒப்பிட அரை நிமிடம்கூட ஆகாது.

காசோலைக்கு அடிச்சீட்டில் தொகை மட்டும் போதாது. காசோலையின் அடியில் முதலில் வரும் ஆறு இலக்க எண், தேதி, எந்த வங்கியின் காசோலை என்பதையும் எழுதி, முத்திரை வாங்க வேண்டும். பெட்டியில் போடச் சொன்னாலும், கவுன்ட்டரில் கேட்டால் ஒப்புகை தர மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.

- மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்