பத்து கேப்ஷன் கேட்பதற்கு முன்: அக்கவுண்ட் மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக ஊடக ஏஜென்சிகளில் அக்கவுண்ட் மேனேஜராக இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கிளையண்ட்டிடம் பேசுகிறவர்கள் நீங்கள், எழுதுகிறவள் நான். நடுவில் இருப்பது ஒரு பிரீஃப் மட்டும்தான். எனக்கு வரும் பிரீஃப்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: ஆறு படங்கள், “கொஞ்சம் ஜாலியா, ஆனா பிரீமியமா இருக்கணும்” என்று ஒரு வரி, கீழே “சாயங்காலத்துக்குள் வேண்டும்”. எந்தத் தொனியில் எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். எதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

இதனால் நான் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். லேப்டாப் பை விற்கும் ஒரு கிளையண்ட். பிரீஃபில் இருந்தது மூன்றே சொல்: வாட்டர்ப்ரூஃப், ஸ்டைலிஷ், ஆபீஸுக்கு ஏற்றது. படத்தில் ஒரு பெண் மழையில் பையோடு சிரித்துக்கொண்டே நடக்கிறார். “மழை பெய்யட்டும், உங்கள் லேப்டாப் நனையாது” என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் பிடித்தது, உடனே போஸ்ட் ஆனது. இரண்டு வாரம் கழித்து அதே போஸ்டின் கீழே ஒருவர் உள்ளே ஈரமான பையின் படத்தைப் போட்டு, என் வரியை அப்படியே எடுத்து எழுதி, ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். கிளையண்ட் ஏஜென்சியைக் கேட்டார், ஏஜென்சி என்னைக் கேட்டது. “பிரீஃபில் இருந்ததைத்தான் எழுதினேன்” என்றேன். உண்மைதான், ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை.

அதற்கப்புறம்தான் அந்தப் பையைத் தயாரிக்கும் பிரிவில் இருந்தவரோடு பத்து நிமிடம் பேசினேன். துணியின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது, அதனால் நீர்த்துளி உருண்டு விழும். ஆனால் தையல் ஓரங்களை உள்ளிருந்து டேப் ஒட்டி மூடவில்லை, ஜிப்பும் சாதாரண ஜிப். தூறல் தாங்கும், விடாமல் பெய்தால் ஊசித் துளைகள் வழியாகவும் ஜிப் பல் வழியாகவும் தண்ணீர் இறங்கும். துணி கொடுத்தவரின் தாளில் ‘வாட்டர் ரிப்பெல்லன்ட்’ என்றுதான் இருந்ததாம். அது கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது ‘வாட்டர்ப்ரூஃப்’ ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் என் முதல் வேண்டுகோள்: பிரீஃபில் பொருளைப் புகழும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கிளையண்ட்டிடம் கேளுங்கள். வருகிற பதில் பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். சோதனை அறிக்கையோ தரக்குறியீடோ இருந்தால் அதில் உள்ளதை உள்ளபடி எழுதலாம். மின்னணுப் பொருள்களில் IPX4 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். IPX7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை எழுதக்கூடாது. “நாங்களே பயன்படுத்திப் பார்த்தோம்” என்பது இரண்டாவது வகைப் பதில். அதையும் எழுதலாம், ஆனால் யார், எவ்வளவு நாள், எந்த நிலையில் பார்த்தார்கள் என்ற அளவுக்குள் நின்று. “எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்” என்று வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டியதுதான்.

கூடவே ஒரு துணைக்கேள்வி: “இது எப்போது வேலை செய்யாது?” கிளையண்ட்டுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது, தெரியும். ஆனால் எனக்கு மிகவும் உதவுவது இதுதான். பை விஷயத்தில் இதை ஒருவர் கேட்டிருந்தால் ஜிப் பற்றிய தகவல் அன்றே வந்திருக்கும்.

அடுத்தது, படித்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும்? “வாங்கணும், ஃபாலோ பண்ணணும், ஷேரும் பண்ணணும்” என்பதுதான் வழக்கமான பதில். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு அந்த வழி திறந்திருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்குள் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. அதனால்தான் ‘பயோவில் லிங்க்’ என்று எழுதுகிறோம். எங்கள் பையின் பயோ லிங்க் போய் நின்றது கடையின் முகப்புப் பக்கத்தில். அங்கிருந்து அந்தப் பையைத் தேடிப் பிடிக்க எனக்கே பொறுமை இல்லை. “டி.எம். செய்யுங்கள்” என்று எழுதச் சொன்னால், பதில் சொல்லப் போவது யார், எத்தனை மணி வரை என்பதையும் எனக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நான் மிகவும் நம்புவது: வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே என்ன கேட்டிருக்கிறார்கள்? அந்தக் கிளையண்ட்டின் இன்பாக்ஸைப் பிறகு பார்த்தபோது, மழையைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. திரும்பத் திரும்ப வந்த கேள்வி, “15.6 இன்ச் லேப்டாப் போகுமா, சார்ஜரோட போகுமா?” என்பதுதான். பிரீஃபில் அளவே இல்லை. அளவு கேட்கும்போதும் கவனம் தேவை. 15.6 என்பது திரையின் மூலைவிட்டம். ஒரே திரை அளவுள்ள இரண்டு லேப்டாப்களின் அகலமும் தடிமனும் ஒன்றாக இருக்காது. பையின் உள்ளறை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து வாங்குங்கள்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு அதே படத்துக்கு நான் திருத்தி எழுதியது இது: “15.6 இன்ச் லேப்டாப், பக்கத்திலேயே சார்ஜர். தூறலில் தைரியமாக நடக்கலாம். கொட்டும் மழையில் மட்டும் மேலே ஓர் உறை போடுங்கள். உள்ளறையின் அளவு இரண்டாவது படத்தில்.” முதல் கேப்ஷன் அளவுக்கு இது கவர்ச்சியாக இல்லை என்று கிளையண்ட் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் இதன் கீழே யாரும் கேள்விக்குறி வைக்க முடியாது.

லேப்டாப் அளவை முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் நீளமான கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் முதலில் தெரியும், மீதி மடிந்துவிடும். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் அந்த இடத்தில் சில சொற்களே அடங்கும். எக்ஸ் தளத்தில் கட்டணம் கட்டாத கணக்குக்கு 280 குறிகள்தான் எல்லை. அங்கே ‘தமிழ்’ என்ற சொல் மூன்றாக அல்ல, ஐந்தாகக் கணக்காகும், ஏனென்றால் ‘மி’யில் உள்ள இகரக் குறியும் ‘ழ்’ மேல் உள்ள புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆகவே எந்தத் தளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு “இதையே எக்ஸிலும் போட்டுக்கலாமா?” என்று கேட்காதீர்கள்.

மீதியெல்லாம் சின்ன விஷயங்கள். படத்தில் இருப்பவர் சம்மதித்திருக்கிறாரா? பொருளின் பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும்? எந்த நாளில் போஸ்ட் ஆகும்? (‘நாளை முதல்’ என்று நான் எழுதி, அது மூன்று நாள் கழித்து வெளியானதும் நடந்திருக்கிறது.) ஒப்புதல் தரும் ஒரே ஆள் யார்? ‘பிரீமியமா’ என்பதற்குப் பதிலாக, கிளையண்ட்டுக்குப் பிடிக்காத ஒரு போஸ்டைக் காட்டச் சொல்லுங்கள். பிடித்ததைவிட அதில்தான் எனக்கு நிறையப் புரியும்.

இதையெல்லாம் கேட்க உங்களுக்கு நேரமில்லை என்றால் எனக்கு ஒரு கால் மணி நேரம் வாங்கிக் கொடுங்கள். முதலாளியோடு வேண்டாம், வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிறவரோடு. அதுவும் முடியாவிட்டால், அடுத்த பிரீஃபில் ஆறு படங்களோடு கடைசியாக வந்த இருபது வாடிக்கையாளர் கேள்விகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. சாயங்காலத்துக்குள் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்காகக் கேப்ஷன் எழுதுகிறவர்களில் ஒருத்தி