மாவுக் கம்பெனியை மூடிய தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி உன் லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் வீடு வீடாக இட்லி மாவு கொண்டுபோய்க் கொடுத்த உன் கம்பெனி அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! ‘நிறுவனர், 2021 ஜூன் முதல் Present’ என்று இருக்கிறது. கடைசி பாக்கெட் போனது 2022 டிசம்பரில் என்று நீதானே சொன்னாய்?

கம்பெனியைப் பதிவிலிருந்து நீக்க STK-2 படிவம் போட்டிருக்கிறேன், அது முடியும்வரை காகிதத்தில் நான் இயக்குநர்தானே என்பாய். சரி, காகிதத்தில் உண்மைதான். ஆனால் பக்கத்தைப் படிப்பவன் Present என்றால் வியாபாரம் நடக்கிறது என்றுதான் நினைப்பான். அப்புறம் கம்பெனிப் பதிவுகள் இருக்கும் மத்திய அரசின் எம்சிஏ தளத்தில் பெயரைத் தட்டினால், நீக்கம் முடிந்த பிறகு Strike Off என்று யாருக்கும் தெரியும். அதனால் வியாபாரம் நின்ற மாதத்தையே போடு, பதிவு நீக்கம் நடந்துகொண்டிருக்கிறது என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்.

அடுத்தது அந்த ‘10,000 வாடிக்கையாளர்கள்’. அது செயலியை இறக்கியவர்கள் கணக்கு. நன்றாக ஓடிய வாரத்தில்கூட மாவு வாங்கியது 640 வீடுகள். 640 ஒன்றும் கேவலமான எண் இல்லை, வேலைக்கு ஆள் எடுக்கிற எனக்கு அதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் அடுத்த கேள்வியாக ‘அதில் எத்தனை பேர் மறுவாரமும் வாங்கினார்கள்’ என்று கேட்டால் உன்னால் பதில் சொல்ல முடியும். பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியில் மாட்டினால் முழிப்பாய்.

உன் பக்கத்திலேயே எனக்குக் கோபம் வந்த இடம், ‘கற்ற பாடம்: சந்தை தயாராக இல்லை’. கோயம்புத்தூரில் இட்லி மாவுக்குச் சந்தை இல்லையாடா? நடந்தது என்னவென்று நீயே என்னிடம் பேப்பரில் போட்டுக் காட்டினாய். ஒரு கிலோ பாக்கெட் 60 ரூபாய், அரிசி, உளுந்து, அரைப்பு, பாக்கெட் எல்லாம் சேர்த்து 38. மிச்சம் 22. ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க 25. முக்கால்வாசி வீடுகள் ஒரு பாக்கெட்தான் வாங்கின, ஆக கதவைத் தட்டும்போதெல்லாம் 3 ரூபாய் கையைவிட்டுப் போனது, தள்ளுபடியும் புளித்துத் திரும்பிய மாவும் தனி. இரண்டு பாக்கெட் வாங்கினால் 19 ரூபாய் நின்றிருக்கும். இது எட்டாவது மாதமே உனக்குத் தெரியும், ஆனாலும் தள்ளுபடியை நிறுத்தினால் ஆர்டர் குறைந்துவிடும் என்று பயந்து பத்தொன்பதாவது மாதம்வரை இழுத்தாய்.

அதை அப்படியே எழுது: “ஒரு பாக்கெட் ஆர்டரில் நஷ்டம் என்று எட்டாவது மாதம் தெரிந்தது. குறைந்தது இரண்டு பாக்கெட் என்று விதி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அந்த முடிவு என்னுடையது.” கடைசி வாக்கியம் முக்கியம். பாதியில் விலகிய உன் கூட்டாளியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அவரும் அந்தப் பக்கத்தைப் படிப்பார்.

ஊழியர்களுக்குக் கடைசி மாதச் சம்பளம் பாக்கியில்லாமல் கொடுத்தாயே, அதை ஏன் எழுதவில்லை?

Present-ஐ இன்றைக்கே மாற்று. மற்றதை ஞாயிறு காலை வீட்டுக்கு வா, உட்கார்ந்து எழுதலாம். மாவு நான் அரைத்து வைக்கிறேன்.

அண்ணன்